வழவழப்பு என்று சொன்னால் வழவழப்பு வருமா?



சில வாரங்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு செய்தியை இன்று எழுதித் தீர்த்துவிட எண்ணுகிறேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருவரை நான் தவறாகக் கடிந்துகொண்டேன். அதற்குக் காரணம் ஒரு குவிமாடம். அந்தக் குவிமாடம் கரடுமுரடாக வந்ததற்கு அவளுடைய அவசரம்தான் காரணம் என்று நான் நினைத்தேன். உண்மையில் காரணம், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்.

பள்ளியில் வரலாற்று வாரத்திற்காகக் கோலாலம்பூரிலுள்ள சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மாதிரியைச் செய்வது என்று முடிவாயிற்று. 1897ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். மெர்டேக்கா சதுக்கத்திற்கு எதிரே, செம்புத் தகடு போர்த்திய குவிமாடங்களோடு நிற்பது. சுவர்களையும் வளைவுகளையும் அட்டையில் வெட்டினோம். குவிமாடங்களை மட்டும் முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுப்பதென்றும், அதற்கான நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமிருந்து பெறுவதென்றும் திட்டமிட்டோம். நிரல் மொழி OpenSCAD. எழுத்தில் எழுதினால் உருவத்தைக் காட்டும் எளிய, இலவச மென்பொருள் அது. கருவிக்கு நாம் தட்டச்சு செய்து தரும் வேண்டுகோளைப் ‘பிராம்ட்’ என்கிறார்கள். இக்கட்டுரையில் அதனை ஏவுரை என்று குறிப்பிடுகிறேன்.

மாணவியின் முதல் ஏவுரை இதுதான்: “சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டுக் குவிமாடத்தை OpenSCAD நிரலாகத் தருக. அகலம் 40 மில்லிமீட்டர்.” வந்த நிரலில் 20 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு கோளமும், அதன் தலையில் ஒரு கூம்பும் இருந்தன. அச்செடுத்துப் பார்த்தால், பட்டை தீட்டிய கல்லைப் போல் தட்டைத் தட்டையாக இருந்தது. கூம்பு வந்து சேர்ந்த இடத்தில் கழுத்தில் வளையம் மாட்டியதுபோல் ஒரு விளிம்பு தெரிந்தது.

“வழவழப்பாக வேண்டும் என்று எழுதம்மா” என்றேன். எழுதினாள். இரண்டாவது நிரல் வந்தது. பட்டைகள் மறைந்தன, ஆனால் குவிமாடம் அடுக்கி வைத்த பானைகளைப் போல் வளையம் வளையமாக வந்தது. “மிக மிக வழவழப்பாக என்று எழுது” என்றேன். மூன்றாவது நிரலில் வளையங்கள் குறைந்தன. அவற்றுக்குப் பதிலாக, கீழே விழுந்து நசுங்கிய செம்பைப் போல ஓரிடத்தில் புடைப்பும் ஓரிடத்தில் பள்ளமும் தோன்றின.

மூன்று குவிமாடங்கள், மூன்று மாலைப் பொழுதுகள். எனக்குப் பொறுமை போய்விட்டது. “நிதானமாகச் செய்திருந்தால் இப்படி வருமா?” என்று மற்ற மாணவர்கள் முன்னிலையில் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். “டீச்சர், மிசின் சரியில்லன்னா சொல்லுங்க. மாசா மாசம் கட்டுற மாதிரி நல்லதா ஒன்னு எடுத்துக் குடுத்துடறேன்” என்றார். அவருடைய வருமானம் எனக்குத் தெரியும். அச்சுப்பொறியில் குறை இருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் அவரை அந்தச் செலவுக்குள் இறக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு மூன்று நிரல்களையும் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தேன். அச்சுப்பொறி தனக்குக் கொடுத்ததை அப்படியே அச்சடித்திருந்தது. குறை முழுவதும் எங்கள் ஏவுரையில் இருந்தது.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைந்த பரப்பை வேண்டும்போது ‘வழவழப்பு’ என்னும் சொல்லை நம்பக் கூடாது. அது நம் விருப்பத்தைச் சொல்கிறதேயன்றி வடிவத்தைச் சொல்வதில்லை. எந்த வளைகோடு, எந்த ஆரம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இரண்டு வளைகோடுகள் எப்படிச் சேர்கின்றன, எத்தனை துண்டுகளாகப் பிரிக்க வேண்டும் என்பவற்றைச் சொன்னால் வழவழப்பு தானாக வரும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் அடைமொழிகளை அடுக்கச் சொல்லுவது நம் பிழை.

முதலில் பட்டைகள் ஏன் வந்தன என்று பார்ப்போம்.

OpenSCAD தரும் உருவத்தில் உண்மையான வட்டம் என்று ஒன்று இல்லை. அச்சுக்குப் போகும் உருவம் முழுவதும் தட்டையான சிறு முக்கோணங்களால் ஆனது. வட்டம் என்று நாம் பார்ப்பது பல பக்கங்களைக் கொண்ட பலகோணம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் OpenSCAD ஒரு பக்கத்திற்கு 12 பாகை என்று எடுத்துக்கொள்கிறது. 360ஐ 12ஆல் வகுத்தால் 30. ஆகவே எங்கள் கோளத்தின் இடுப்பைச் சுற்றி 30 தட்டைப் பட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர் அகலம். உச்சியும் கூர்ந்திருக்கவில்லை. அங்கே 4 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமுள்ள ஒரு தட்டை மூடி இருந்தது. கூம்பு அதனை மறைத்திருந்ததால் நாங்கள் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு வியப்பு. அந்தப் பட்டையின் நடுப்பகுதி உண்மையான வட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்று கணக்கிட்டால் 0.11 மில்லிமீட்டர்தான் வருகிறது. தாளின் தடிமன் அளவு. இவ்வளவு சிறிய குறை கண்ணுக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? நம் கண் ஆழத்தை அளப்பதில்லை. ஒளி திரும்பும் திசையைப் பார்க்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குப் பரப்பு 12 பாகை திடீரென்று திரும்புகிறது. ஒரு பட்டை வெளிச்சமாகவும் பக்கத்துப் பட்டை இருளாகவும் தெரிவது அதனால்தான். துண்டுகளை 180 ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் 2 பாகைதான் திரும்பும். பட்டையின் அகலம் 0.7 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். வட்டத்திலிருந்து விலகல் 0.003 மில்லிமீட்டர். அச்சுப்பொறி இடும் ஒரு படலத்தின் உயரமே பொதுவாக 0.2 மில்லிமீட்டர் என்னும்போது, இந்த விலகல் அதில் கரைந்து போகும். இந்த எண்ணிக்கையை நிரலில் `$fn` என்று எழுதுகிறார்கள்.

அப்படியானால் `$fn` பெரிதாக இருந்தால் போதுமா? இல்லை. எங்கள் இரண்டாவது குவிமாடம் அதற்குச் சான்று. அந்த நிரலில் `$fn = 100` என்றே இருந்தது. பிறகேன் வளையங்கள் வந்தன?

குவிமாடத்திற்கு இரண்டு திசைகள் உண்டு. ஒன்று, இடுப்பைச் சுற்றி வருவது. மற்றொன்று, அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவது. குயவர் சக்கரத்தில் பானை வனைவதை நினைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றுவதால் பானை வட்டமாக வருகிறது. ஆனால் பானையின் வயிறும் கழுத்தும் எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது குயவரின் விரல் ஏறும் பாதை. OpenSCAD மொழியில் `rotate_extrude` என்னும் கட்டளை சக்கரத்தின் வேலையைச் செய்கிறது. `$fn` சக்கரத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். விரலின் பாதையை நாம் புள்ளிகளாகத் தருகிறோம். இரண்டாவது நிரலில் அந்தப் பாதைக்கு 8 புள்ளிகளே இருந்தன. எட்டுப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் ஏழு கூம்புப் பட்டைகள். அவையே எங்கள் ஏழு பானைகள். `$fn` எண்ணை ஆயிரமாக்கினாலும் அந்த ஏழு ஏழாகவே இருந்திருக்கும்.

ஆகவே குவிமாடம் சரியாக வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: கோடுகள் செங்குத்தாக நிற்கின்றனவா, வளையமாகச் சுற்றுகின்றனவா? நெடுக நின்றால் சுற்றும் துண்டுகள் போதவில்லை. வளையமாகச் சுற்றினால் பக்கக் கோட்டின் புள்ளிகள் போதவில்லை. பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதனைப் பார்த்திருந்தால் போதும்.

மூன்றாவது குவிமாடத்தின் நோய் வேறு. அதில் புள்ளிகள் குறையவில்லை, கூடியிருந்தன. ‘மிக மிக வழவழப்பு’ என்னும் ஏவுரைக்கு வந்த நிரலில் 4 மில்லிமீட்டர் உயரத்திற்கு ஒன்றாகப் புள்ளிகள் இருந்தன. ஆனால் அவை எந்த வட்டத்திலும் அமரவில்லை. ஏறக்குறைய வெங்காயம் போலத் தோன்றுமாறு குத்துமதிப்பாக இட்ட எண்கள் அவை. கீழிருந்து மேலாக ஆரங்கள் இவ்வாறு இருந்தன: 14, 17, 19, 20, 20, 18.5, 18, 14.

பார்த்தவுடன் குற்றம் தெரிகிறதா? எனக்கும் தெரியவில்லை. அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள். 3, 2, 1, 0, −1.5, −0.5, −4 என்று வரும். முதல் நான்கும் சீராக இறங்குகின்றன. ஐந்தாவது −1.5 வரை போய்விட்டு, ஆறாவது −0.5க்குத் திரும்பி ஏறி, ஏழாவது −4க்குக் குதிக்கிறது. அந்த இடத்தில்தான் புடைப்பு இருந்தது. குவிமாடத்தைக் கையில் எடுத்துத் தடவினேன். கணக்குக் காட்டிய உயரத்திலேயே விரல் தடுக்கியது.

அதே உயரங்களில் உண்மையான வட்டத்தின் ஆரங்களைக் கணக்கிட்டால் 14.1, 17.2, 19.0, 19.9, 19.9, 19.1, 17.4, 14.4 என்று வருகின்றன. வேறுபாடுகள் 3.1, 1.8, 0.9, 0, −0.8, −1.7, −3.0. ஒரே திசையில், திரும்பாமல் இறங்குகின்றன. பழைய பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை எந்த இடத்திலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. ஆனால் ஒன்று நசுங்கிய செம்பு, மற்றொன்று வட்டம். கழித்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் அச்செடுப்பதற்கு முன்னரே இச்சோதனையைச் செய்யலாம். எண்கள் ஒரே திசையில் சீராக மாறினால் நல்லது. முன்னும் பின்னும் தள்ளாடினால் பரப்பும் தள்ளாடும்.

நெளிவுக்கு மருந்து மேலும் புள்ளிகளைக் கேட்பதன்று. குத்துமதிப்பாக இட்ட புள்ளிகள் கூடக் கூடத் தள்ளாட்டமும் கூடும். எல்லாப் புள்ளிகளும் பெயர் சொல்லக்கூடிய ஒரு வளைகோட்டின்மேல் அமர வேண்டும் என்று கேட்பதே மருந்து.

இதற்குக் கட்டடக்கலையிலேயே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. சிட்னி இசை நாடக அரங்கின் சிப்பிக் கூரைகளை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சோன் 1957ஆம் ஆண்டு போட்டியில் வென்றபோது அந்தக் கூரைகள் கையால் இழுத்த அழகிய கோடுகளாகவே இருந்தன. அவை எந்த வளைவு என்று கணிதத்தில் சொல்ல இயலவில்லை. அதனால் கட்டவும் வழி தெரியவில்லை. 1961ஆம் ஆண்டு, எல்லாச் சிப்பிகளையும் ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது என்னும் தீர்வு கிடைத்தது. அதன்பின் கூரையின் ஒவ்வொரு துண்டையும் வார்க்க முடிந்தது. 1973இல் அரங்கம் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கூரைக்கே ‘எந்தக் கோளம்’ என்னும் விடை தேவைப்பட்டது. நம் பிள்ளையின் 4 சென்டிமீட்டர் குவிமாடத்திற்கு மட்டும் தேவைப்படாதா?

மறுநாள் நானும் அந்த மாணவியும் கணினியைத் திறக்கவில்லை. கட்டத்தாளும் கவராயமும் எடுத்துக்கொண்டோம். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வரைந்தோம்.

தாளின் இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு. அதுதான் நடு அச்சு. அச்சின்மேல் ஒரு புள்ளியில் ஊசியை ஊன்றி 20 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். அதுதான் குவிமாடத்தின் வயிறு. மையத்திலிருந்து 45 பாகை கீழே இறங்கிய இடத்தில் வட்டத்தைத் தரைக்கோட்டால் வெட்டினோம். அவ்வாறு வெட்டினால் அடிப்பகுதி வயிற்றைவிடக் குறுகி, வெங்காயத்தின் வடிவம் வருகிறது. 45 பாகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைவிட மிகுதியாக வெளியே சாயும் பரப்பை அச்சுப்பொறி தாங்கு குச்சிகள் இல்லாமல் அச்சடிக்கத் திணறும்.

அடுத்து, வயிறு உள்நோக்கி வளைந்து உச்சிக் கூராக மாற வேண்டும். இங்கேதான் எங்கள் முதல் குவிமாடத்தில் விளிம்பு வந்தது. இரண்டு வளைகோடுகள் வெறுமனே சந்தித்தால் போதாது. சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒரே திசையை நோக்கிச் செல்ல வேண்டும். வட்டங்களுக்கு இதற்கு ஓர் எளிய விதி உண்டு: இரண்டு மையங்களையும் இணைக்கும் நேர்கோடு, சேரும் புள்ளியின் வழியாகப் போக வேண்டும். அவ்வாறு போனால் சேர்ந்த இடம் தெரியாது.

இரண்டாவது வட்டத்திற்கும் அதே 20 மில்லிமீட்டர் ஆரத்தை எடுத்துக்கொண்டோம். அது முதல் வட்டத்தை வெளிப்பக்கம் தொட வேண்டுமானால் மையங்களுக்கு இடையே 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது நடு அச்சையும் தொட்டு உச்சியாக முடிய வேண்டுமானால் அதன் மையம் அச்சிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் மையத்தின் இடத்தை முடிவு செய்துவிடுகின்றன. வட்டங்கள் தொடும் இடம் முதல் வட்டத்தில் 60 பாகையில் அமைகிறது. கவராயத்தால் வரைந்து முடித்ததும், “டீச்சர், எங்க ஒட்டினோம்னே தெரியல” என்றாள் அவள். மூன்று மாலைகளாக நாங்கள் தேடிய வழவழப்பு தாளில் பென்சில் கோடாக இருந்தது.

அதன்பிறகே ஏவுரையை எழுதினோம். அவள் தமிழிலேயே எழுதினாள்:

“OpenSCAD மொழியில் நிரல் எழுதுக. அளவுகள் மில்லிமீட்டரில். குவிமாடத்தின் பக்கக் கோட்டை வரைந்து, `rotate_extrude` கொண்டு நடு அச்சைச் சுற்றிச் சுழற்றுக. பக்கக் கோடு இரண்டு வட்ட வில்களால் ஆனது. இரண்டுக்கும் ஆரம் 20. முதல் வட்டத்தின் மையம் நடு அச்சில் உள்ளது. வில் −45 பாகையில் தரையில் தொடங்கி 60 பாகையில் முடிகிறது. இரண்டாம் வட்டம் அந்த இடத்தில் முதல் வட்டத்தை வெளிப்புறமாகத் தொடுகிறது. அதன் மையம் அச்சிலிருந்து 20 தொலைவில் உள்ளது. வில் அச்சைத் தொடும் இடத்தில் உச்சியாக முடிகிறது. புள்ளிகளைக் கையால் பட்டியலிட வேண்டா. சைன், கொசைன் கொண்டு 3 பாகைக்கு ஒரு புள்ளியாகக் கணக்கிடுக. `$fn = 180`.”

இதில் வழவழப்பு என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த ஏவுரைக்கு ஏற்ற நிரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் வந்ததைச் சரிபார்க்க முடியும். அது இவ்வளவுதான்:

```
$fn = 180;
r = 20;
h = r*sin(45);
k = h + 2*r*sin(60);
rotate_extrude() polygon(concat(
  [[0, 0]],
  [for (a = [-45:3:60]) [r*cos(a), h + r*sin(a)]],
  [for (a = [237:-3:180]) [r + r*cos(a), k + r*sin(a)]]
));
```

`h` என்பது முதல் மையத்தின் உயரம், 14.1 மில்லிமீட்டர். `k` என்பது இரண்டாம் மையத்தின் உயரம், 48.8 மில்லிமீட்டர். குவிமாடத்தின் மொத்த உயரமும் அதுவே. `for` என்று தொடங்கும் இரண்டு வரிகளே அந்த இரண்டு வில்கள். வந்த நிரலில் அந்த இடத்தில் எண்களின் நீண்ட பட்டியல் இருந்தால், கருவி மீண்டும் குத்துமதிப்புக்குப் போய்விட்டது என்று பொருள். அப்போது ‘வாய்பாட்டால் கணக்கிடுக’ என்பதை மீண்டும் வலியுறுத்த வேண்டும். ‘இன்னும் வழவழப்பாக’ என்று எழுதுவதால் பயனில்லை.

நான்காவது குவிமாடத்தை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைப் பக்கத்திலிருந்து சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தோம். பட்டையோ நெளிவோ இருந்தால் இந்தச் சோதனையில் தப்பாது. ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை படிப்படியாக மங்கிச் சென்றது. அச்சுப்பொறி பழையதுதான். தந்தையாரிடம் தொலைபேசியில் சொன்னேன், எதுவும் வாங்க வேண்டியதில்லை என்று.

ஏவுரையால் தீராத குறைகளும் உண்டு. அவற்றையும் சொல்வது என் கடமை. உச்சிக்குக் கீழே, பரப்பு படுத்தவாறு சாயும் இடத்தில், மெல்லிய படிக்கட்டுக் கோடுகள் தெரிந்தன. அவை அச்சுப்பொறியின் படலங்கள். அங்கே பரப்பின் சாய்வு 30 பாகையளவு இருப்பதால் 0.2 மில்லிமீட்டர் படலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அமர்கிறது. படல உயரத்தை 0.1 ஆகக் குறைக்கலாம், அல்லது மெல்லிய மணல்தாளால் தேய்க்கலாம். அதற்காக ஏவுரையை மாற்றுவது வீண். உச்சியின் கடைசி 3 மில்லிமீட்டரும் அச்சாகவில்லை. அங்கே கூர்முனை, அச்சுமூக்கின் 0.4 மில்லிமீட்டர் துளையைவிட மெலிந்துவிடுகிறது. அவ்விடத்தில் ஒரு குண்டூசியைச் செருகிக் கலசமாக்கிக்கொண்டோம்.

`$fn` எண்ணை அளவின்றிக் கூட்டுவதும் தவறு. எங்கள் குவிமாடத்திலேயே 19,800 முக்கோணங்கள் இருக்கின்றன. எண்ணை 1000 ஆக்கினால் அவை ஒரு லட்சத்தைத் தாண்டும். பள்ளிக் கணினி தடுமாறும், கண்ணுக்கோ ஒரு வேற்றுமையும் தெரியாது. துண்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி இருந்தால் இவ்வளவு சிறிய மாதிரிக்குப் போதும்.

படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் சில பெற்றோர் கேட்டனர். அங்கே `$fn` இல்லை. எழுதிய எண்ணுக்கு அப்படியே கட்டுப்படும் என்னும் உறுதியும் இல்லை. வளைந்த முகப்பின் படம் நெளியாமல் வேண்டுமானால், முதலில் இவ்வாறு ஒரு முப்பரிமாண மாதிரியைச் செய்து, அதன் படத்தை அடிப்படையாகக் கொடுத்து, அதன்மேல் செம்பு நிறத்தையும் வானத்தையும் கேட்பது நல்லது. வடிவத்தை நாம் கொடுத்துவிட வேண்டும். கருவி வண்ணத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆசிரிய நண்பர்களே, இத்தகைய திட்டப்பணிகளை வழிநடத்தும்போது ஏவுரைக்கு முன் கட்டத்தாள் என்னும் ஒரு படியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர் கவராயத்தால் பக்கக் கோட்டை வரைந்து, மையங்களையும் ஆரங்களையும் குறித்துக் காட்டிய பிறகே தட்டச்சுப் பலகைக்குப் போகட்டும். தாளில் வரைய முடியாத வளைவை ஏவுரையில் சொல்லவும் முடியாது. இதற்கு ஒரு பாடவேளை கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான். நாங்கள் இழந்த மூன்று மாலைகளைவிட அது குறைவு.

பெற்றோர்களே, குவிமாடம் கரடாக வந்தால் அச்சுப்பொறியை மாற்றுவதற்கு முன் நிரலைத் திறந்து பாருங்கள். `$fn` இருக்கிறதா, எண்களின் பட்டியல் இருக்கிறதா என்று பார்க்க நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மாதிரி இப்போது பள்ளி நூலகத்தின் வாயிலில் இருக்கிறது. அதன் அருகில் முதல் மூன்று குவிமாடங்களையும் வரிசையாக வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய ஏவுரை எழுதப்பட்டுள்ளது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கீழே, ‘இது ஆசிரியர் சொன்னது’ என்று என் கையாலேயே எழுதி வைத்தேன்.